ஓர்டர் போட்டாச்சு, கலரோ சைஸோ எண்ணிக்கையோ மாறவேண்டும்: பார்சல் கிளம்பும் முன் என்ன செய்யலாம்

ஹட்டன் டவுனில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். ரீலோட், போட்டோகொப்பியோடு, சுற்றியுள்ள தோட்டத்து ஆட்களுக்கு ஒன்லைனில் ஓர்டர் போட்டுக் கொடுப்பதும் எங்கள் வேலை. லயத்து முகவரிக்குக் கூரியர் வருவது நிச்சயமில்லை என்பதால் பாதிப் பார்சல்கள் எங்கள் கடை முகவரிக்கே வரும். ஓர்டர் போட்ட மறுநாள் காலையில் திரும்ப வந்து, "தம்பி, அந்த சிவப்ப நீலமா மாத்த முடியுங்களா?" என்று கேட்காத வாரமே கிடையாது. தீபாவளிக்கு முன்னாலும், பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்திலும் இது இன்னும் கூடும்.

உங்கள் ஓர்டர் இப்போது எந்த நிலையில் நிற்கிறதோ அதற்குரிய தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். அதற்கு முன் ஒரே ஒரு விஷயம். எந்தக் கடையாக இருந்தாலும் பார்சலில் லேபல் ஒட்டும் நேரம்தான் எல்லைக்கோடு. பெயர், முகவரி, போன் நம்பர், வீட்டில் கொடுக்கவேண்டிய பணம் எல்லாம் அந்த லேபலில் அச்சாகிவிடும். அதே விவரம் கூரியர்காரர்களின் கணினியிலும் ஏறிவிடும். அதற்கு முன் என்றால் மாற்றுவது பேச்சோடு முடிகிற வேலை. அதற்குப் பின் என்றால் ஒட்டிய பார்சலைப் பிரித்து, பழைய பதிவை அழித்து, புதிதாகப் போட வேண்டும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் பார்சல் கட்டுகிற கடையில் யாரும் அதற்கு உட்காரமாட்டார்கள்.

கொழும்புக் கடைகளில் கூரியர் வாகனம் பெரும்பாலும் பின்னேரம்தான் பார்சல் எடுக்க வரும். காலையில் லேபல் அடிக்கத் தொடங்குவார்கள். ஆகவே இரவு போட்ட ஓர்டரை இரவோடு இரவாக, அல்லது கடை திறந்தவுடன் மாற்றச் சொல்வதுதான் பலிக்கும். மத்தியானத்துக்கு மேல் சொன்னால் பாதி அதிர்ஷ்டம். போயா நாளும் ஞாயிறும் பொதுவாகப் பார்சல் போகாது. சனிக்கிழமை இரவு போட்ட ஓர்டருக்கு உங்களுக்கு ஒரு முழு நாள் அவகாசம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

## செயலியில் போட்ட ஓர்டர், Cancel பொத்தான் இன்னும் தெரிகிறது

பல கடைகள் சேர்ந்து விற்கிற பெரிய செயலிகளில் ஓர்டர் போட்ட பிறகு கலரையோ சைஸையோ மாற்ற வழி இருக்காது. முகவரியைத் திருத்த விடலாம், பொருளைத் திருத்த விடமாட்டார்கள். காரணம் எளிது. சிவப்பு எம் சைஸுக்கு ஒரு ஸ்டொக் நம்பர், நீலம் எல் சைஸுக்கு வேறொரு ஸ்டொக் நம்பர். பார்வைக்கு ஒரே சட்டை என்றாலும் கணினிக்கு அவை வேறு வேறு பொருட்கள்.

இங்கே பலர் செய்வது, செயலியிலேயே விற்பவருக்கு மெசேஜ் போட்டு "சிவப்புக்குப் பதிலாக நீலம் அனுப்புங்கள்" என்று கேட்பது. அவரும் "சரி" என்று பதில் போடுவார். தயவுசெய்து அந்தச் சரியை நம்பிக் காத்திருக்காதீர்கள். மெசேஜுக்குப் பதில் போடுகிறவர் ஒருவர், தட்டிலிருந்து பொருளை எடுத்துக் கட்டுகிறவர் இன்னொருவர். கட்டுகிறவர் கையில் இருப்பது ஓர்டர் தாள் மட்டும்தான். அதில் சிவப்பு என்றுதான் இருக்கும். சிவப்பு வந்து சேர்ந்து நீங்கள் முறைப்பாடு செய்தால், ஓர்டரில் சிவப்பு, வந்ததும் சிவப்பு, எனவே தவறு எதுவும் இல்லை என்று முடித்துவிடுவார்கள். விற்பவர் சொன்னபடி நீலமே அனுப்பி அதில் ஒரு கிழிசல் இருந்தாலும் சிக்கல்தான். திருப்பி அனுப்பும் பொருள் ஓர்டரோடு பொருந்தவில்லை என்று சொல்ல இடம் இருக்கிறது.

ஆகவே செயலியில் போட்ட ஓர்டருக்கு Cancel பொத்தான் தெரியும்வரை கென்சல் பண்ணித் திரும்பப் போடுவதுதான் சரி. ஆனால் பொத்தானை அழுத்தும் முன் கீழே உள்ளதை இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில், உங்களுக்கு வேண்டிய புதிய கலரும் சைஸும் உண்மையில் இருக்கிறதா என்று அந்தப் பொருளின் பக்கத்துக்குப் போய்த் தெரிவு செய்து பாருங்கள். படத்தில் இருப்பது போதாது. நீலம், எல் இரண்டையும் தொட்ட பிறகும் வாங்கும் பொத்தான் மங்காமல் இருக்க வேண்டும்.

அடுத்து விலை. நேற்று விசேட விற்பனை நாளாக இருந்து இன்று முடிந்திருந்தால் அதே சட்டை இன்று கூடுதல் விலையாக இருக்கும். ஒரே சட்டைக்குக் கலருக்குக் கலர் விலை மாறுவதும் உண்டு. நேற்றைய ஓர்டரில் வவுச்சர் போட்டிருந்தால், கென்சல் செய்தபின் அது திரும்பி வருமா என்பதை அந்த வவுச்சரின் நிபந்தனையில் பாருங்கள். ஒரு தடவை மட்டும் என்று போட்டிருந்தால் போனது போனதுதான் என்று கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது, ஒரே ஓர்டரில் நான்கைந்து பொருள் இருந்தால் எல்லாவற்றையும் கென்சல் பண்ண வேண்டியதில்லை. பிழையான ஒன்றை மட்டும் தெரிவு செய்யலாம். ஆனால் இலவச டெலிவரிக்கு இவ்வளவு ரூபாய்க்கு மேல் வாங்க வேண்டும் என்ற எல்லை இருந்தால், ஒன்றைக் கழித்ததும் அந்த எல்லைக்குக் கீழே போகிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் சரியென்றால், எதை முதலில் செய்வது? கேஷ் ஒன் டெலிவரி, அதாவது பார்சல் வந்ததும் காசு கொடுக்கும் முறை என்றால், புதிய ஓர்டரை முதலில் போட்டுவிட்டு அப்புறம் பழையதைக் கென்சல் பண்ணுங்கள். கடைசி ஒன்று மட்டும் மிச்சமிருக்கும் சைஸை, நீங்கள் கென்சல் பண்ணி முடிப்பதற்குள் இன்னொருவர் எடுத்துவிட முடியும். ஆனால் இரண்டையும் ஒரே இருப்பில் செய்து முடிக்க வேண்டும். நாளைக்குக் கென்சல் பண்ணலாம் என்று விட்டால் இரண்டு பார்சலும் கிளம்பிவிடும்.

கார்டில் காசு கட்டிய ஓர்டர் என்றால் புதியதுக்கும் காசு கட்டவேண்டி வரும், பழைய காசு திரும்பச் சில வேலை நாட்கள் எடுக்கும். கையில் இரண்டு மடங்கு காசு இல்லாதவர்கள் பழையதைக் கென்சல் பண்ணி, கென்சல் உறுதியானதாகச் செயலியில் காட்டும்வரை பொறுத்து, புதியதைக் கேஷ் ஒன் டெலிவரியாகப் போடுவது வசதி. பழைய காசு ஆறுதலாக வரட்டும்.

## Cancel பொத்தான் காணாமல் போய்விட்டது, ஆனால் Shipped என்றும் காட்டவில்லை

இது இடைப்பட்ட நிலை. Packed என்றோ அதுபோன்ற வேறு சொல்லோ காட்டும். சில செயலிகளில் பொத்தான் இருக்கும், ஆனால் அழுத்தினால் கென்சல் ஆகாது, கோரிக்கையாக மட்டும் போகும். விற்பவர் ஏற்கலாம், மறுக்கலாம்.

கோரிக்கை போடுங்கள். அதற்கான காரணத்தைக் கேட்கும் இடத்தில் உள்ளதை உள்ளபடி, கலர் அல்லது சைஸ் பிழை என்பதற்கு நெருங்கிய தெரிவை எடுங்கள். இந்த நிலையில் புதிய ஓர்டரை உடனே போட்டுவிடாதீர்கள். கோரிக்கை மறுக்கப்பட்டால் இரண்டும் வந்து சேரும்.

கோரிக்கைக்குப் பதில் வராமல் Shipped என்று மாறிவிட்டால், அந்தப் பொருள் வரப்போகிறது என்று எடுத்துக்கொண்டு கடைசித் தலைப்புக்கு முந்தியதைப் படியுங்கள்.

## பேஸ்புக், வட்ஸ்அப் கடையில் போட்ட ஓர்டர், இன்னும் கூரியர் நம்பர் வரவில்லை

செயலிக்கு நேர்மாறு இது. இங்கே ஓர்டர் என்பதே நீங்கள் அனுப்பிய மெசேஜ்தான். அதனால் திருத்துவதும் மெசேஜில் நடக்கும், கென்சல் பண்ணித் திரும்பப் போட வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. ஆனால் எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பலரும் அனுப்புகிற மெசேஜ் இப்படி இருக்கும்: "அண்ணா அந்த சிவப்பு வேணாம் நீலம் போடுங்க". எந்தச் சிவப்பு, எந்த ஓர்டர், சைஸ் அதேதானா, எதுவும் இல்லை. அரை மணித்தியாலத்தில் இன்னொன்று: "சைஸ எல்லுக்கு மாத்துங்க". அப்புறம் இன்னொன்று: "இல்ல எம்மே இருக்கட்டும்". பின்னேரம் பார்சல் கட்டுகிறவர் மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு வருவதில்லை. கண்ணில் முதலில் பட்டதைப் பார்த்துக் கட்டிவிடுவார்.

திருத்தத்தை மட்டும் எழுதாமல் முழு ஓர்டரையும் திரும்ப எழுதுங்கள். நாங்கள் கடையில் அனுப்புகிற மாதிரி இது:

"திருத்திய ஓர்டர். முந்தியது வேண்டாம், இதை மட்டும் எடுங்கள்.
பெயர், போன் நம்பர்: முந்திய அதே.
கலர் இல 3, நீலம், சைஸ் எல், 1.
கலர் இல 5, கறுப்பு, சைஸ் எம், 1.
மொத்தம் டெலிவரியோடு எவ்வளவு என்று எழுதி அனுப்புங்கள். லேபல் அடித்தாச்சா?"

கலருக்கு நம்பர் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. நீலம் என்றால் கருநீலமா, வான்நீலமா, மயில் நீலமா என்று இங்கிருந்து புரியவைக்க முடியாது. கடைக்காரர் சிங்களத்தில் மட்டும் பேசுகிறவர் என்றால் இன்னும் கஷ்டம். அவர் போட்ட படத்திலேயே வேண்டிய கலரைச் சுற்றி வட்டம் போட்டு ஸ்கிரீன்ஷொட்டாக அனுப்பினால் மொழியே தேவையில்லை.

கடைசி வரியில் உள்ள கேள்விதான் முக்கியம். "லேபல் அடித்தாச்சா?" என்று கேட்டால் அவர் போய்ப் பார்க்கவேண்டி வரும். "மாத்த முடியுமா?" என்று கேட்டால் பார்க்காமலே "சரி" என்று போட்டுவிடுவார். மொத்தத் தொகையை அவர் கையால் எழுதி வாங்குவதும் அதற்காகத்தான். தொகை எழுத அவர் ஓர்டரைத் திறந்தே ஆகவேண்டும்.

சைஸ் மாற்றுகிறவர்கள் ஒரே தடவையில் மாற்றி முடிக்க வேண்டும். அதற்கு உத்தேசம் சரிவராது. வீட்டில் சரியாகப் பொருந்துகிற சட்டை ஒன்றை மேசையில் விரித்து, ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கம்வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 20 அங்குலம் வந்தால் சட்டையின் மார்புச் சுற்று 40 அங்குலம். அந்த எண்ணைக் கடைக்காரரின் அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். எம், எல் என்ற எழுத்துகள் கடைக்குக் கடை மாறும். சீனாவிலிருந்து வருகிற உடுப்பு நம் ஊர்ச் சைஸைவிட ஒன்றிரண்டு படி சின்னதாக இருப்பது வழக்கம். சப்பாத்து என்றால் கொப்பித் தாளைச் சுவரோரமாகத் தரையில் வைத்து, குதிகாலைச் சுவரில் முட்டவைத்து, நீண்ட விரலின் நுனியில் கோடு போட்டு சென்டிமீற்றரில் அளந்து அனுப்புங்கள். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுங்கள்.

## எண்ணிக்கையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்

கலர் மாற்றுவதைவிட எண்ணிக்கை மாற்றுவது சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் இதுதான் அதிகம் குழம்புகிறது. ஒரே விலையுள்ள கலரை மாற்றினால் பைக்குள் இருக்கும் பொருள் மட்டும்தான் மாறும், லேபலில் உள்ள காசு மாறாது. எண்ணிக்கை மாறினால் மொத்தம் மாறும், நிறை மாறும், அதனால் டெலிவரிக் கட்டணமும் மாறக்கூடும். கூரியர்காரர்கள் முதல் கிலோவுக்கு ஒரு தொகையும் அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் இன்னொரு தொகையும் எடுக்கிறார்கள்.

ஒரு ஓர்டரைக் கணக்கோடு காட்டுகிறேன். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர், தீபாவளிக்கு வீட்டு ஆம்பிளைகள் எல்லோருக்கும் ஒரே மெரூன் கலரில் நான்கு சேர்ட் கேட்டிருந்தார். கொழும்பில் உள்ள பேஸ்புக் கடை ஒன்று. ஒன்று 1,450 ரூபாய், நான்குக்கு 5,800. டெலிவரி 400. வீட்டில் கொடுக்கவேண்டியது 6,200.

மறுநாள் காலை தம்பிக்கும் ஒன்று வேண்டும் என்று வந்தார். ஐந்து என்றால் 7,250. நான்கு சேர்ட்டும் ஒரு கிலோவை ஒட்டியே இருந்ததால் ஐந்தாவதோடு அடுத்த கிலோவுக்குப் போகும், அதற்கு மேலதிகமாக 80. ஆக மொத்தம் 7,730. முழு ஓர்டரையும் திரும்ப எழுதி அனுப்பினோம். கடையிலிருந்து "சரி" என்று மட்டும் வந்தது. தொகை எழுதச் சொன்னதற்குப் பதில் இல்லை.

அதற்கடுத்த நாள் கூரியரிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. கொடுக்கவேண்டிய தொகை 6,200.

இந்த இடத்தில்தான் கவனிக்க வேண்டும். பழைய தொகை வந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். ஐந்தாவதைப் போட்டுவிட்டு லேபலை மாற்ற மறந்திருக்கலாம். அல்லது திருத்தம் போய்ச் சேராமல் பழைய நான்கையே கட்டியிருக்கலாம். நடைமுறையில் பெரும்பாலும் இரண்டாவதுதான். லேபலில் உள்ள காசு மாறவில்லை என்றால் பைக்குள் உள்ளதும் மாறவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்கு அழைத்துக் கேட்டோம், நான்குதான் போயிருந்தது.

இனி மூன்று வழி. பார்சலை ஏற்காமல் திருப்பிவிட்டு ஐந்தாகப் புதிய ஓர்டர் போடுவது ஒன்று. அது கொழும்புக்குத் திரும்பிப் போய் மீண்டும் வர வேண்டும், பண்டிகை நேரத்தில், மழையும் பெய்கிற ஒக்டோபரில், நாள் போதாது. நான்கை எடுத்துக்கொண்டு ஐந்தாவதைத் தனியாகப் போடுவது இரண்டாவது: 1,450 உடன் டெலிவரி 400, மொத்தம் 1,850. எல்லாம் சேர்த்து 8,050 ஆகும். சரியாக மாறியிருந்தால் கொடுத்திருக்க வேண்டியதைவிட 320 ரூபாய் கூட. மூன்றாவது, ஐந்தாவது சேர்ட்டை ஹட்டனிலேயே தேடி வாங்குவது. ஆனால் எல்லோருக்கும் ஒரே மெரூன் வேண்டும் என்பதுதான் அக்காவின் ஆசையே.

இரண்டாவது வழியை எடுத்தோம். அதிலும் ஒரு நிபந்தனை கேட்டுக்கொண்டோம். முந்திய நான்கும் வந்த அதே கட்டிலிருந்து எடுக்கச் சொன்னோம். ஒரே கலர் நம்பர் என்றாலும் வேறு வேறு தடவை சாயம் போட்ட துணி பக்கத்தில் வைத்தால் ஒன்று கொஞ்சம் மங்கலாகத் தெரியும். தனித்தனியாக உடுத்தினால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள், வரிசையாக நின்று போட்டோ எடுக்கும்போது தெரியும்.

இதிலிருந்து பொதுவான கணக்கு: எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், லேபலும் அடித்தாயிற்று என்றால் பழையதைக் குழப்பாமல் கூடுதலானதைத் தனி ஓர்டராகப் போடுங்கள். இரண்டாவது டெலிவரிக் காசுதான் நஷ்டம். கூட்டுவது ஒரே ஒரு மலிவான பொருள், அதன் விலையே டெலிவரிக் காசை ஒட்டி வருகிறது என்றால் அது வேண்டுமா என்று யோசியுங்கள்.

எண்ணிக்கையைக் குறைப்பது வேறு கதை. இரண்டு போட்டது ஒன்றாக வேண்டும், லேபல் அடித்தாயிற்று என்றால் பார்சலில் பாதியை மட்டும் எடுக்க முடியாது. முழுவதையும் எடுக்க வேண்டும், அல்லது முழுவதையும் மறுக்க வேண்டும். மிச்சத்தை லயத்தில் யாராவது எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் கடையில் கேட்டால் பெரும்பாலும் ஆள் கிடைத்துவிடுகிறது.

தொகை மாறியிருந்தால் வீட்டில் இருக்கிறவர்களுக்கும் சொல்ல மறக்கவேண்டாம். காலையில் மலைக்குப் போய்விடுகிற குடும்பத்தில் பார்சலை வாங்குவது அப்பாயியோ பக்கத்து வீட்டு ஆளோதான். கையில் 6,200 மட்டும் மடித்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். கூரியர் தம்பி 7,730 கேட்டால் கொடுக்க வழி இல்லை, அவரும் கடன் வைக்க முடியாது. பார்சல் திரும்பிப் போய்விடும், அடுத்து அந்தப் பக்கம் வாகனம் எப்போது வருமோ தெரியாது.

## காசு ஏற்கனவே வங்கியில் போட்டாயிற்று

பேஸ்புக் கடைக்கு வங்கிக் கணக்கில் காசு போட்டுவிட்டு மாற்றம் கேட்கிறவர்கள் கென்சல் என்ற சொல்லை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். கார்டில் கட்டிய காசைத் திருப்ப ஒரு முறை இருக்கிறது. ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குப் போன காசை அவர் மனம் வைத்துத் திருப்பி அனுப்பினால்தான் உண்டு. ஆகவே இந்த நிலையில் கென்சல் பண்ணித் திரும்பப் போடுவதைவிட, அதே காசுக்குள் திருத்துவதுதான் புத்திசாலித்தனம்.

புதிய மொத்தம் கூடினால் மேலதிகத்தை மட்டும் கேஷ் ஒன் டெலிவரியாக லேபலில் போடச் சொல்லுங்கள். முன்னாடியே இன்னொரு தடவை வங்கியில் போட வேண்டாம். குறைந்தால் மீதியை டெலிவரிக் காசில் கழிக்கக் கேளுங்கள், அல்லது அந்த அளவுக்குச் சின்னப் பொருள் ஒன்று சேர்க்கச் சொல்லுங்கள். 200 ரூபாயைத் திருப்பி வாங்க ஒரு வாரம் அழைத்துக்கொண்டிருப்பதைவிட அது மேல்.

## கென்சல் பண்ணிய பிறகு புதிய கலர் Out of Stock

முதலில் அதே பொருளை விற்கிற வேறு கடை இருக்கிறதா என்று அதே செயலியில் படத்தை வைத்துத் தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும். ஒரே இறக்குமதிப் பொருளைப் பலர் விற்கிறார்கள். இல்லையென்றால் விற்பவரிடம் அந்தக் கலர் திரும்ப எப்போது வரும் என்று கேளுங்கள். சில வேளை அவர்களின் தட்டில் ஒன்று இருந்தும் கணினியில் ஏற்றாமல் விட்டிருப்பார்கள்.

இரண்டும் நடக்கவில்லை, நாளும் நெருங்கிவிட்டது என்றால் கென்சல் பண்ணிய பழைய கலரை இன்றே திரும்பப் போடுங்கள். அதுவும் போய்விட இடம் கொடுக்காதீர்கள். பண்டிகைக்கு முந்திய வாரத்தில் சைஸ் சரியாக இருந்து கலர் மட்டும் பிடிக்காத ஓர்டரை மாற்றவே வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். சைஸ் பிழை என்றால் மாற்றித்தான் ஆகவேண்டும், போட முடியாத உடுப்பால் பிரயோசனம் இல்லை.

## கூரியர் நம்பர் வந்துவிட்டது, உள்ளே இருப்பது பழையது

மாற்றும் நேரம் முடிந்தது. கூரியர் கிளைக்கு அழைத்து "உள்ளே சிவப்பை எடுத்துவிட்டு" என்று சொல்வதில் பலன் இல்லை. அவர்களுக்குப் பை மட்டும்தான் தெரியும், அதைத் திறக்க அவர்களுக்கு அனுமதி இல்லை.

செயலி ஓர்டர் என்றால் பார்சலை எடுத்து, திருப்பி அனுப்பும் காலத்துக்குள் செயலி வழியாகத் திருப்பலாமா என்று அந்தப் பொருளின் பக்கத்திலேயே பாருங்கள். மனம் மாறியதற்குத் திருப்ப விடும் பொருளும் உண்டு, பழுதானால் மட்டும் என்ற பொருளும் உண்டு. விலைத்துண்டைப் பிய்க்காமல், கழுவாமல் வையுங்கள்.

பேஸ்புக் கடை என்றால் பார்சல் வருமுன் அழைத்து, எடுத்துக்கொண்டு சைஸ் மாற்றித் தருவீர்களா, போகவரக் கூரியர் காசு யாருடையது என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் அதை மெசேஜில் எழுதி வாங்கிக்கொண்டு எடுங்கள். சம்மதிக்காவிட்டால், அந்த உடுப்பு யாருக்கும் ஆகாது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், காசு கொடுக்கும் முன் ஏற்க மறுக்கலாம். காசு கொடுத்துப் பிரித்த பிறகு மறுக்க முடியாது. போகவரக் கூரியர் காசு அந்த விற்பவர் தலையில் விழுகிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கடைகள் அப்படித் திரும்பிய போன் நம்பர்களைக் குறித்து வைத்து, அடுத்த தடவை டெலிவரிக் காசை முன்கூட்டியே கேட்பார்கள். பலர் ஒரே கடை முகவரியில் வாங்குகிற எங்களைப் போன்ற இடங்களில் ஒருவர் மறுத்தது எல்லோரையும் பாதிக்கும்.

## நம் கையில் இல்லை, வேறு ஆளிடம் போக வேண்டிய கட்டம்

கென்சல் ஆனதாகச் செயலி காட்டுகிறது, ஆனால் சொன்ன நாட்கள் கடந்தும் காசு வரவில்லை என்றால், விற்பவரிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். செயலியின் வாடிக்கையாளர் சேவைக்கு ஓர்டர் நம்பரோடு எழுதுங்கள். அங்கேயும் நகரவில்லை, கார்டில் கட்டியது என்றால், கார்ட் கொடுத்த வங்கிக்குப் போய் அந்தக் கொடுப்பனவை எதிர்த்து முறைப்பாடு கொடுங்கள். அதற்குக் கால எல்லை உண்டு, எனவே மாதக்கணக்கில் இழுக்க விடக்கூடாது. கென்சல் உறுதியான பக்கத்தின் ஸ்கிரீன்ஷொட்டும் கார்டின் கணக்கு அறிக்கையும் கேட்பார்கள்.

விற்பவர் மாற்றித் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பிழையானதை அனுப்பி, பிறகு பேச மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பேசியது போதாது, எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது திருத்திய ஓர்டர் மெசேஜ், அதற்கு அவர் போட்ட பதில், பார்சலின் லேபல், வங்கித் துண்டு அல்லது காசு கொடுத்த பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒன்றாக இணையுங்கள். முதலில் சொன்ன அந்த முழு ஓர்டர் மெசேஜ் இருந்தால் பாதி வேலை முடிந்தது, துண்டு துண்டாக எழுதிய மெசேஜ்கள் என்றால் என்ன கேட்டீர்கள் என்பதையே நிரூபிக்க முடியாமல் போகும்.

காசு வாங்கிய பிறகு பேஸ்புக் பக்கமே காணாமல் போய், போன் நம்பரும் ஓய்ந்துவிட்டால் அது ஓர்டர் மாற்றும் பிரச்சினையே இல்லை. அன்றைக்கே உங்கள் வங்கிக்குச் சொல்லிவிட்டு, காசு போன கணக்கு இலக்கத்தோடும் வங்கித் துண்டோடும் பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு போடுங்கள்.